"ஏன் ஓடவில்லை?" என்று கேட்பதற்கு முன்

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதியில் உடற்கல்வி கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த தவறு இது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தரம் 8 மாணவி ஒருத்தி மரநிழலில் ஒதுங்கி நின்றாள். "ஏன் மகள் ஓடவில்லை? என்ன வருத்தம்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பின் சில வாரங்கள் உடற்கல்விப் பாடத்துக்கே அவள் வரவில்லை.

அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளால் உண்மையும் சொல்ல முடியாது, பொய் சொல்லவும் மனம் வராது. ரமழானில் வயது வந்த பெண்பிள்ளையிடம் "இன்றைக்கு நோன்பா?" என்று கேட்பதும் இதே போன்றதுதான்.

இப்போது நான் செய்வது வேறு. தவணை தொடங்கும்போதே மாணவிகளை மட்டும் வகுப்பறையில் இருத்தி, பத்து நிமிடம் பேசுகிறேன். "மாதவிடாய்" என்ற சொல்லைச் சுற்றி வளைக்காமல், சாதாரணக் குரலில் சொல்கிறேன். பின்னர் மூன்று தெரிவுகளை அறிவிக்கிறேன்: முழுப் பயிற்சி, மெதுவான நடையும் உடலை நீட்டும் பயிற்சியும், அல்லது புள்ளி எழுதுவதும் நேரம் பார்ப்பதும். யாரும் எந்த நாளிலும் எதையும் தெரிவுசெய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கால் சுளுக்கியவளும் தலைவலிக்காரியும் அதே புள்ளிக் கொப்பியைத்தான் எடுப்பார்கள். ஆகவே கொப்பியை எடுத்தவளைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. ஆண் ஆசிரியர்களுக்கும் இந்த முறை பொருந்தும். பத்து நிமிடப் பேச்சை ஓர் ஆசிரியை நடத்தினால், மைதானத்தில் சேர் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதி என்று சில உம்மாமார் நம்புகிறார்கள். அப்படியல்ல. உள்ளே படிந்த படலத்தை வெளியேற்றக் கர்ப்பப்பைத் தசை சுருங்குகிறது, அதனால்தான் முதல் இரண்டு நாட்களில் அடிவயிறு இழுத்து வலிக்கிறது. நடையும் ஓட்டமும் அதற்குத் தீங்கு செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, சில மாதங்களில் வலி குறையக் கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வலியால் துடிக்கும் பிள்ளையை "ஓடினால் சரியாகும்" என்று விரட்டுவதற்கு இது நியாயமாகாது.

மார்க்கம் அந்த நாட்களில் தொழுகைக்கும் நோன்புக்கும் விலக்களித்திருக்கிறது, நடக்கவோ விளையாடவோ தடுக்கவில்லை. ஹஜ்ஜில்கூட மாதவிடாய் வந்த பெண் தவாஃபைத் தவிர மற்றக் கிரியைகளைச் செய்கிறாள்.

பல பிள்ளைகள் ஒதுங்குவதற்கு வலியைவிடக் கறைப் பயமே காரணம். நமது பாடசாலைச் சீருடை வெள்ளை நிறம். இதற்குப் பேச்சு போதாது, ஏற்பாடு வேண்டும். பாடவேளைக்கு முன் மலசலகூடம் செல்ல அனுமதி கொடுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும், உள்ளே தண்ணீரும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் சில பேட்களை வையுங்கள். விளையாடும்போது கறுப்பு அல்லது கடும் நீல நிறக் காற்சட்டை அணிய விடுங்கள். 2024 இல் அரசாங்கம் மாணவிகளுக்கு சானிட்டரி நப்கின் வாங்க வவுச்சர் வழங்கத் தொடங்கியது. ஆனால் பேட் கையில் இருந்தாலும், மாற்றுவதற்கு இடமில்லாவிட்டால் பிள்ளை மைதானத்துக்கு வரமாட்டாள்.

காரணம் கேட்காமல் விடுவது கவனிக்காமல் விடுவதாகிவிடக் கூடாது. ஒரு பிள்ளை ஒவ்வொரு மாதமும் பாடசாலைக்கே வராமல் நின்றால், அல்லது மைதானத்தில் தலைசுற்றி உட்கார்ந்தால், தனியாகக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுவேன். "வலியா? ஒரு பேட் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று மட்டும் கேட்பேன். ஓரிரு மணித்தியாலத்துக்குள் பேட் முழுதும் நனைந்தால், இரத்தப்போக்கு ஏழு நாளைக் கடந்தால், மாத்திரை எடுத்தும் வலி தணியாவிட்டால், உம்மாவிடம் சொல்லி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். பருவமடைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மூன்று மாதம் வராமலே இருந்தால் காட்டுவது நல்லது.

சென்ற வாரம் எறிபந்து விளையாடும்போது ஒரு மாணவி வந்து புள்ளிக் கொப்பியைக் கையில் எடுத்தாள். நான் பேனையைக் கொடுத்தேன். விளையாட்டு தொடர்ந்து நடந்தது. அடுத்த பாடவேளையில் அவள் அணியில் நின்றாள்.