ரூட் செய்த போன், திருத்திய ஆப்: வங்கி எதைத் தடுக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்து வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன அனுபவம்: வங்கி ஆப்பைத் திறந்தால் 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று ஒரு வரி வரும், ஆப் மூடிக்கொள்ளும். ரிசர்வ் வங்கி அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்பது வங்கிகள் சொல்லும் காரணம். டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்புக்காக 2021 பிப்ரவரியில் அது வெளியிட்ட நெறிமுறையில், ரூட் செய்த போனில் ஆப் இயங்காமல் தடுக்கும் சாத்தியத்தை ஆராயுமாறு ஒரு வரி இருக்கிறது. ஆராயச் சொன்னதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்ட வங்கிகள்தான் அதிகம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை. ஒன்றின் கோப்புகளை இன்னொன்று பார்க்க முடியாது. ரூட் அனுமதி பெற்ற நிரல் எந்த அறைக்குள்ளும் நுழையும்.

ரூட் செய்திருப்பதைக் கண்டுபிடிக்கும் பழைய வழி, ஆப்பே தேடிப் பார்ப்பது. `/system/bin/su` என்ற கோப்பு இருக்கிறதா, மேஜிஸ்க் போன்ற ரூட் கருவி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ரூட்டின் பிடியில் இருக்கும் அதே போன்தான். மேஜிஸ்கில் ஒரு பட்டியல் உண்டு; அதில் வங்கி ஆப்பைச் சேர்த்துவிட்டால், அந்த ஆப்பின் கண்ணுக்கு மட்டும் மாற்றங்கள் தெரியாது.

அதனால் இப்போது தீர்ப்பு போனுக்கு வெளியே போய்விட்டது. வங்கியின் சர்வர் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ஓர் எண்ணை அனுப்புகிறது. ஆப் அதைக் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடம் கொடுத்து, மறையாக்கம் செய்த பதிலை வாங்கிவருகிறது. அதைப் பிரித்துப் படிப்பது சர்வர். மேல்நிலைத் தீர்ப்பான `MEETS_STRONG_INTEGRITY` கிடைக்க, பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்று போனின் பாதுகாப்பு வன்பொருளே கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும். இதையும் ஏமாற்றுகிறார்கள். ஏதோ ஒரு தயாரிப்பாளரின் போன்களிலிருந்து கசிந்த கையொப்பச் சாவியை வைத்து, பூட்டாத போனையும் பூட்டியதாகக் காட்டலாம். அந்தச் சாவியைக் கூகுள் ரத்து செய்யும்வரை அது செல்லும்.

வங்கிகள் வழக்கமாகக் கேட்பது ஒரு படி கீழே உள்ள `MEETS_DEVICE_INTEGRITY`. பாதுகாப்பு அப்டேட் வந்து நான்கு வருடமான, ஓட்டைகள் அடைக்கப்படாத போன் இதில் தேறிவிடும். அதே சமயம், பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ் போட்டு, பூட்லோடரை மறுபடி பூட்டி, கடைசி அப்டேட்வரை வைத்திருப்பவர் தேறமாட்டார். அவர் ரூட்டே செய்திருக்கமாட்டார். கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு இல்லை என்பதுதான் குறை. அளக்கப்படுவது பாதுகாப்பா, சான்றிதழா என்ற சந்தேகம் எனக்கு வருவது இங்கேதான்.

திருத்திய ஆப்பின் கதை வேறு. ஒருவர் வங்கி ஆப்பின் ஏபிகே கோப்பைப் பிரித்து, கடவுச்சொல்லைத் திருடும் நான்கு வரியைச் செருகி, திரும்பக் கட்டுகிறார் என்று வையுங்கள். கையொப்பம் இல்லாத ஆப்பை ஆண்ட்ராய்டு நிறுவாது. வங்கியின் ரகசியச் சாவி அவரிடம் இல்லை. சொந்தச் சாவியால்தான் கையொப்பமிட வேண்டும். அங்கேயே அடையாளம் மாறிவிடுகிறது. ஆப்புக்குள் இருக்கும் கையொப்பச் சோதனையை அவர் வெட்டி எறிந்துவிடலாம்; ஆனால் பிளே இன்டெக்ரிட்டியைக் கேட்டால் `UNRECOGNIZED_VERSION` என்று சர்வருக்குப் பதில் வரும். திருத்திய வங்கி ஆப்பை நேர்மையாகப் பயன்படுத்த ஒருவருக்குக் காரணம் இருப்பது அரிது. இந்தப் பதில் வந்தால் தயங்காமல் தடுக்கலாம். `UNEVALUATED` என்று வந்தால் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. அது மதிப்பிட முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறது. போலி என்று சொல்லவில்லை.

ரூட்டுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேக்களுக்கு ரூட்டே தேவையில்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், போன்காரரே கொடுத்துவிடுவார், ஓடிபி போய்விடும். எந்தச் சோதனையிலும் தேறும் சாதாரண போன்களிலேயே இது நடக்கிறது. திரையைப் பகிரவைத்துப் பணம் பறிப்பவர்களுக்கும் ரூட் வேண்டியதில்லை.

ஆகவே ரூட்டை அபாயக் குறிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே சரி என்பேன். இருப்பு பார்க்கவும், ஏற்கெனவே சேர்த்த பெறுநருக்குச் சிறு தொகை அனுப்பவும் விடலாம். புதுப் பெறுநர், பெரிய தொகை, புதுப் போனில் முதல் பதிவு என்றால் கூடுதல் சரிபார்ப்போ வரம்போ வைக்கலாம். கிராஃபீன் ஓஎஸ் தன் சரிபார்ப்புச் சாவிகளின் அடையாளங்களை வெளியிட்டிருக்கிறது. வன்பொருள் சான்றில் அந்த அடையாளம் இருந்தால் ஏற்றுக்கொள் என்று சர்வரில் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. மறுத்தே ஆக வேண்டுமென்றால், பூட்லோடர் திறந்திருக்கிறதா, ஆப் வங்கி வெளியிட்டது இல்லையா என்பதையாவது திரையில் சொல்லலாம். போலி ஆப்பைத் தெரியாமல் நிறுவியவருக்கு, கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும் என்று தெரிவது அந்த வரியிலிருந்துதான்.