தன் எழுத்தைத் தானே அச்சிடும் நிரல்

ஒரு நிரல் தன்னுடைய மூலநிரலை, ஒரு புள்ளிகூடப் பிசகாமல், திரையில் அச்சிட வேண்டும். தன் கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளக்கூடாது. வெளியிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவும் கூடாது. விதிமுறை இவ்வளவுதான்.

பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர்கள் நேராக print கட்டளையில் கை வைப்பார்கள். `print('hello')` என்று எழுதினால் hello மட்டும் வரும். print என்ற சொல்லும் வரவேண்டும் என்றால் அதையும் மேற்கோளுக்குள் போட்டு, வெளியே இன்னொரு print சுற்ற வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் print வரும், புதிதாகச் சுற்றியது வராது. உறைக்கு மேல் உறை போட்டுக்கொண்டே போகலாம், கடைசி உறை மட்டும் என்றைக்கும் மிஞ்சும். இப்படிச் செய்யும் வரை அச்சிடும் நிரல், அச்சாகும் எழுத்தைவிட எப்போதும் நீளமாகவே இருக்கும்.

(ஒரு குறுக்குவழி உண்டு. ஒன்றுமே எழுதாத காலிக் கோப்பு ஒன்றுமே அச்சிடாது, ஆகவே அது தன்னை அச்சிட்டுவிட்டது! 1994-இல் நடந்த புரியாத சி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டிக்கு ஒருவர் இப்படிக் காலிக் கோப்பை அனுப்பி, விதிகளை மிக மோசமாக வளைத்ததற்கான பரிசையும் வாங்கிக்கொண்டார்.)

வழி பிறப்பது கணினியில் அல்ல, ஒரு சாதாரண வாக்கியத்தில். கீழே உள்ள கட்டளையை ஒரு தாளில் நிறைவேற்றிப் பாருங்கள்:

பின்வருவதை முதலில் அப்படியே எழுதி, அடுத்து மேற்கோள் குறிக்குள் எழுதுக: "பின்வருவதை முதலில் அப்படியே எழுதி, அடுத்து மேற்கோள் குறிக்குள் எழுதுக:"

சொன்னபடி செய்தால் தாளில் வருவது மேலே உள்ள அதே வரி. கட்டளை ஒன்றுதான், ஆனால் அது இரண்டு வேடம் போடுகிறது. மேற்கோளுக்கு வெளியே அது நாம் கீழ்ப்படிய வேண்டிய சொல். உள்ளே அது நாம் நகலெடுக்க வேண்டிய வெறும் எழுத்து. உள்ளே இருப்பதை ஒருமுறை மேற்கோள் இல்லாமலும் ஒருமுறை மேற்கோளோடும் எழுதுவதால்தான் முடிவில்லாமல் வளர்ந்த உறை இங்கே நின்றுபோகிறது.

இதையே பைத்தானில் எழுதினால் இரண்டு வரி:

```
s = 's = %r\nprint(s %% s)'
print(s % s)
```

முதல் வரி ஒரு வார்ப்புரு. அதில் `%r` இருக்கும் இடம் காலியிடம். `s % s` என்பது அந்தக் காலியிடத்தில் அதே வார்ப்புருவை, மேற்கோள் குறிகளோடு, வைத்து நிரப்புகிறது. நிரப்பி முடிந்ததும் கிடைப்பது மேலே உள்ள இரண்டு வரிகள்தான். கோப்பின் அளவு 41 பைட். `q.py` என்று சேமித்துவிட்டு இப்படிச் சரிபார்க்கலாம்:

```
python3 q.py | diff - q.py
```

திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் வெற்றி. கண்ணால் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள், கண் ஏமாற்றும். `%r`-க்குப் பதில் `%s` போட்டால் மேற்கோள் குறிகள் விழுந்துவிடும். வார்ப்புருவுக்குள் `%%` என்பதற்குப் பதில் ஒற்றை `%` போட்டால், பைத்தான் அதை இன்னொரு காலியிடம் என்று எடுத்துக்கொண்டு not enough arguments for format string என்று நின்றுவிடும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த பிழை வேறு. முதல் வரியில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போட்டால் நிரல் ஓடும், ஆனால் பைத்தான் தன் வழக்கப்படி ஒற்றை மேற்கோளில்தான் அச்சிடும். diff இரண்டும் வேறு என்று காட்டும். வந்த வெளியீட்டையே எடுத்து நிரலாக ஓட்டினால் அது தன்னை ஒழுங்காக அச்சிடும்!

இப்படிப்பட்ட நிரலுக்குக் குவைன் என்று பெயர். தன்னைச் சுட்டும் வாக்கியங்களை ஆராய்ந்த அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைனின் பெயர் அது. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தம் 1979-ஆம் ஆண்டு நூலில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் இதன் பின்னால் உள்ள தேற்றம் நாம் இன்று பயன்படுத்தும் கணினிகளைவிட மூத்தது. ஸ்டீஃபன் க்ளேனி 1938-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அது வந்துவிட்டது. அதை ரிகர்ஷன் தேற்றம் என்பார்கள்.

அச்சிடுவது ஒரு வேடிக்கை மட்டுமே என்று க்ளேனியின் தேற்றம் காட்டிவிடுகிறது. தன் எழுத்து கைக்கு வந்துவிட்டால் அதை அச்சிடத்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம்? எண்ணிப் பார்க்கலாம்:

```
s = 's = %r\nme = s %% s\nprint(len(me))'
me = s % s
print(len(me))
```

`me` என்ற பெயரில் இப்போது நிரலின் முழு எழுத்தும் இருக்கிறது. கடைசி வரி அதன் நீளத்தைச் சொல்கிறது: 67. கோப்பாகச் சேமித்தால் இறுதி வரிமுறிவையும் சேர்த்து 68 பைட். கடைசி வரியை மாற்றி, வார்ப்புருவுக்குள்ளும் அதே மாற்றத்தைச் செய்தால் போதும், `me`-யை வைத்து எந்தக் கணக்கை வேண்டுமானாலும் போடலாம். தேற்றத்தின் ஒரு வடிவம் சொல்வதும் இதுதான்: "என் சொந்த எழுத்தை எடுத்துக்கொள்" என்ற வரியை எந்த நிரலிலும் தாராளமாக எழுதலாம், அதை நிறைவேற்ற எப்போதும் வழி உண்டு.

இன்னொரு வடிவம் கேட்கும்போது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். எந்த நிரலைக் கொடுத்தாலும் அதைத் திருத்தி வேறொரு நிரலாகத் தரும் கருவி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். அது எப்படித் திருத்தினாலும் சரி, திருத்திய பிறகும் நடத்தை மாறாத நிரல் ஒன்றாவது இருந்தே தீரும். அதைக் கட்டுவது எளிது. தன் எழுத்தை எடுத்து, அந்தக் கருவியிடம் கொடுத்து, திரும்பி வருவதை ஓட்டும் நிரலை எழுதினால் போதும். கருவி "கொடுத்த நிரலின் எழுத்தை அச்சிடும் நிரல்" ஒன்றைத் தருவதாக இருந்தால், மாறாமல் நிற்பது நம் குவைன்.

இங்கே எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். கருவி, எந்த நிரல் என்ன எண்ணை அச்சிட்டாலும் அதோடு ஒன்றைக் கூட்டி அச்சிட வைக்கிறது என்றால்? தன்னோடு ஒன்றைக் கூட்டினாலும் மாறாத எண் ஏது? எண் இல்லைதான், ஆனால் நிரல் இருக்கிறது. மேலே சொன்ன முறைப்படி கட்டிய நிரல் முதலில் தன் திருத்திய வடிவத்தை ஓட்டும். அந்தத் திருத்திய வடிவம் ஒன்றைக் கூட்டுவதற்காக மறுபடி மூலத்தை ஓட்டும். அது திருத்தியதை ஓட்டும். இது முடியவே முடியாது. இரண்டுமே எதையும் அச்சிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த வகையில் இரண்டின் நடத்தையும் ஒன்றுதான். மாறாத நிரல் உண்டு என்றுதான் தேற்றம் வாக்குக் கொடுக்கிறது, அது உருப்படியாக ஏதாவது செய்யும் என்று சொல்லவில்லை.

முடியாமல் ஓடும் நிரல்களை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றை யாரோ செய்து, எந்த நிரலைப் பற்றிக் கேட்டாலும் தவறாமல் "நிற்கும்" அல்லது "நிற்காது" என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் மேலே உள்ள நிரலின் கடைசி வரியை மட்டும் மாற்றுவோம்: `me`-யை அந்தக் கருவியிடம் கொடு, "நிற்கும்" என்றால் முடிவில்லாமல் சுற்று, "நிற்காது" என்றால் உடனே நில். கருவி இந்த நிரலைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.