‘டெட் பக்’ பயிற்சி... துண்டு நழுவினால் தப்பு!

மல்லாந்து விழுந்த கரப்பான்பூச்சி கை, கால்களைத் தூக்கிக்கொண்டு கிடக்குமே... கிட்டத்தட்ட அந்தக் கோலம்தான் ‘டெட் பக்’ பயிற்சி. பார்க்க விளையாட்டாகத் தெரியும். கை, கால் அசையும்போது முதுகு அசையாமல் வயிற்றுத் தசைகள் பிடித்துவைப்பதுதான் இதில் உண்மையான வேலை.

மல்லாந்து படுத்து, கைகளை மேலே நீட்டுங்கள். முழங்கால்களை மடக்கி, இடுப்புக்கு நேர் மேலே நிறுத்துங்கள. மூச்சை வெளியே விட்டபடி, வலது கையைத் தலைக்குப் பின்னாலும் இடது காலை முன்னாலும் மெதுவாக நீட்டி, தரையைத் தொடும் முன்பே திரும்புங்கள். பிறகு, மறுபக்கம்.

பலரும் கோட்டை விடுவது, கால் இறங்கும் நேரத்தில்தான். அடிமுதுகு வில்லாக வளைந்து தரையைவிட்டு எழும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க, அடிமுதுகுக்குக் கீழே மெல்லிய துண்டை விரித்து, வீட்டில் ஒருவரை லேசாக இழுக்கச் சொல்லுங்கள். ஆறாவது முறையில் துண்டு உருவிக்கொண்டு வந்தால், இன்றைக்கு உங்கள் கணக்கு ஐந்துதான். முதல் முறையே வந்துவிட்டதா? காலை நீட்ட வேண்டாம். மடக்கிய நிலையிலேயே குதிகாலால் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். மூச்சை அடக்கினாலும், அவசர அவசரமாகச் செய்தாலும் பலன் போய்விடும்.

பக்கத்துக்கு 8 முறை துண்டு நழுவவில்லை என்றால், நீட்டிய நிலையில் 3 விநாடிகள் நிறுத்துங்கள். அதுவும் சுலபமானால், கைகளில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். அதற்கடுத்து, குப்புறத் திரும்பி முழங்கை ஊன்றும் ‘பிளாங்க்’. அங்கே துண்டு கிடையாது. இடுப்பு தொய்கிறதா என்று யாராவது பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதுகுவலி காலுக்கு இறங்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.