நாற்பது பக்க ஆர்ட்டிகிள்ஸ், ஒரு பக்கக் குறிப்பு

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். 1988-ல் பதிவான பிரைவேட் லிமிடெட். அண்ணன் கிளையில் மூவர், தம்பி கிளையில் இருவர் என 5 டைரக்டர்கள். கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன் 40 பக்கம். அதிலிருந்து அடிக்கடி தேவைப்படுபவை மூன்றுதான்: டைரக்டர்கள் எதுவரை முடிவெடுக்கலாம், கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும், ஷேரை யாருக்கு மாற்றலாம். இவற்றை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்.

எழுத உட்காருமுன் எந்தப் பிரதியைப் படிக்கிறோம் என்று பாருங்கள். அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பதிவின்போது அச்சிட்ட புத்தகம். அதன்பின் நடந்த திருத்தங்கள் சிறப்புத் தீர்மானங்களாகப் பொதுக்கூட்ட மினிட்ஸில் கிடக்கும். அவற்றையும், பதிவாளரிடம் தாக்கல் செய்த படிவங்களையும் வரிசையாகத் தேடி எடுத்த பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

டைரக்டர் அதிகாரத்துக்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 179-வது பிரிவு, கம்பெனி செய்யக்கூடியதை எல்லாம் பொதுவாகப் போர்டிடமே ஒப்படைக்கிறது. ஆகவே போர்டின் கையிலிருந்து எவை எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் குறித்தால் போதும். நம் கம்பெனியில், ஒரு கோடிக்கு மேல் கடன் வாங்கப் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 71-வது விதி. கடனுக்கு வரம்பு வைக்கும் 180-வது பிரிவிலிருந்து, ரிட்டர்ன்களை ஒழுங்காகத் தாக்கல் செய்யும் பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. அப்படியானால் இங்கே கடனுக்குப் பூட்டு இந்த ஒரு விதிதான். குறிப்பில் இது விடுபட்டால் யார் கண்ணிலும் படாது.

கோரத்துக்கு வருவோம். போர்டு கூட்டத்துக்கு மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இதில் எது அதிகமோ அது என்கிறது 174-வது பிரிவு. ஐந்தில் மூன்றில் ஒரு பங்கு 1.67, பின்னத்தை ஒன்றாக ஏற்றினால் 2. பழைய புத்தகத்திலும் இதேதான். ‘கோரம்: 2’ என்று எழுதி அடுத்ததற்குப் போய்விடத் தோன்றும். ஆனால் 2009-ல் வந்த ஒரு திருத்தம், ஒவ்வொரு கிளையிலிருந்தும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. அண்ணன் கிளையின் மூவரும் வந்து உட்கார்ந்தாலும் கோரம் இல்லை. அங்கே எடுக்கும் தீர்மானம் நிற்காது.

அந்தத் திருத்தத்தின் பலம் அடுத்த கேள்வியில்தான் தெரியும்: ஒரு கிளை வராவிட்டால்? ஆர்ட்டிகிள்ஸ் வேறு வழி சொல்லாவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குத் தள்ளிப்போகும். அன்றும் கோரம் இருந்தே ஆக வேண்டும். தொடர்ந்து வராமலிருந்தே ஒரு கிளை போர்டை முடக்கிவிடலாம். பொதுக்கூட்டத்தின் கதை வேறு. 103-வது பிரிவுப்படி பிரைவேட் கம்பெனிக்கு நேரில் வந்த 2 உறுப்பினர் போதும். பிராக்ஸி கணக்கில் வராது. அரை மணி நேரத்தில் கோரம் சேராமல் ஒத்திவைத்த கூட்டத்தில், வந்தவர்களே கோரம். இதையும் ஆர்ட்டிகிள்ஸ் மாற்றியிருக்கலாம். அதனால் கோரத்துக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்: எத்தனை பேர், சேராவிட்டால் என்ன.

ஷேர் மாற்றத்தில் எல்லாரும் தடுக்கி விழுவது வரையறைப் பகுதியில். ‘குடும்பத்தினருக்குத் தாராளமாக மாற்றலாம், வெளியாருக்கு என்றால் முதலில் மற்ற உறுப்பினர்களுக்குக் கொடுக்க முன்வர வேண்டும்’ என்று 24-வது விதி சொல்கிறது. குடும்பத்தினர் யார்? பதில் 2-வது பக்கத்தில்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மருமகளும் மருமகனும் அதில் இல்லை. மாமனார் மருமகளுக்கு ஷேர் எழுதிக் கொடுத்தால் அது வெளியாருக்கு மாற்றுவதாகும். 24-வது விதிக்கு எதிரே இந்த வரையறையையும் எழுதாத குறிப்பு தவறான குறிப்பு.

சட்டத்தின் மாதிரி விதிகளான டேபிள் எஃப்-ஐ அப்படியே ஏற்ற கம்பெனிகளில் வேறு ஆபத்து. முழுப்பணம் கட்டாத ஷேர், கம்பெனிக்குப் பற்றுரிமை உள்ள ஷேர் ஆகியவற்றின் மாற்றத்தைத்தான் அதன்படி போர்டு மறுக்கலாம். பணம் முழுக்கக் கட்டிய ஷேரைத் தடுக்கும் வரி அதில் கிடையாது. அங்கே ‘போர்டு மறுக்கலாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது.

வாய்மொழி ஏற்பாடுகளையும் குறிப்பில் ஏற்றக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கும் இரு கிளைகள் உள்ள ஒரு குடும்பக் கம்பெனியைப் பற்றியதே. விற்பதானால் சொந்தக் கிளைக்கே முதலில் என்று அவர்களுக்குள் பேச்சு இருந்தது, ஆர்ட்டிகிள்ஸில் இல்லை. அதில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு பேச்சு இருப்பது தெரிந்தால், ‘ஆர்ட்டிகிள்ஸில் இல்லை’ என்று தனி வரியாகவே எழுதிவிடுங்கள்.

கடைசி வரி காலக்கெடுவுக்கு. மாற்றத்தை மறுத்தால், பத்திரம் கம்பெனிக்கு வந்த 30 நாளுக்குள் காரணத்தோடு நோட்டீஸ் போக வேண்டும் என்கிறது 58-வது பிரிவு. நம் 24-வது விதியோ போர்டுக்கு இரண்டு மாதம் தருகிறது. 6-வது பிரிவுப்படி சட்டத்துக்கு முரணான விதி செல்லாது. குறிப்பில் 30 என்றே எழுதி, பக்கத்தில் இரண்டு பிரிவு எண்களையும் போட்டுவிடுங்கள்.