'குறுக்கே பேசாதே' என்ற விதியை எங்கே மீறலாம்?

கால் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களின் கையில் முதல் வாரமே ஒரு நடத்தைக் கையேட்டைக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள், பரிவோடு பேசுங்கள், அனுமதி கேட்காமல் ஹோல்டில் போடாதீர்கள், பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ கேட்காதீர்கள், அவர்களாகவே சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். எல்லாமே நியாயமான விதிகள். கையேட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கிறது. தொலைபேசியில் எல்லாம் ஒரே நிமிடத்தில் வந்து சேர்கின்றன. கோபத்தில் இருக்கும் ஒருவர், "என் பின் நம்பரைச் சொல்றேன், நீங்களே பாத்துக்கோங்க" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? ஒரு விதி பேசாமல் கேட்கச் சொல்கிறது. இன்னொரு விதி உடனே நிறுத்தச் சொல்கிறது.

கையேட்டைப் பயிற்சிக் காணொளியாக மாற்றி எழுதுகிறவரின் வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. விதிகளை ஒரு குரல் வாசிக்க, பின்னணியில் ஹெட்செட் மாட்டிய முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தால் அதைப் பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஒரே ஒரு கடினமான அழைப்பை எடுத்து, அந்த நேரத்தில் எதற்கு முதலிடம் என்று காட்டினால் அது பயிற்சி.

எதை எடுப்பது, எதை விடுவது

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் போகும். ஆறு நிமிடக் காணொளியில் மௌனங்களையும் கழித்தால் 450 சொற்களுக்கு மேல் இடமில்லை. நாற்பது பக்கக் கையேடு அதற்குள் நுழையாது. அதனால் முதலில் கையேட்டின் ஒவ்வொரு வரியையும் பிரிக்க வேண்டும். கண்ணுக்கோ காதுக்கோ புலப்படும் செயல் எது, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளும் தகவல் எது என்பதே பிரிக்கும் கணக்கு. விடுமுறைப் பட்டியலும் துறைவாரியான எண்களும் தகவல். அவை கையேட்டிலேயே இருக்கட்டும். ஹோல்டில் போடுவதும், மௌனமாக இருப்பதும், குறுக்கிடுவதும் செயல்கள். இவற்றிலும் நெருக்கடியில் முதலில் உடையக்கூடிய நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்த சிக்கல் 'பரிவோடு', 'பொறுமையாக', 'பணிவாக' போன்ற சொற்கள். இவற்றைப் படம் பிடிக்க முடியாது. நடிக்க வருகிறவரிடம் "பரிவாகப் பேசுங்கள்" என்றால் குரலைக் குழைத்துக்கொள்வார். கேட்கிறவருக்கு அது நடிப்பென்று உடனே தெரிந்துவிடும். எனவே ஒவ்வொரு பண்புச் சொல்லுக்கும் பதிலாக ஒரு செயலைக் கண்டுபிடிக்க வேண்டும். பரிவு என்றால், வாடிக்கையாளர் சொன்ன தொகையையும் நாளையும் அவருடைய அவசரத்தையும் அவரிடமே திருப்பிச் சொல்வது. பொறுமை என்றால், அவர் நிறுத்திய பிறகு ஒரு வினாடி விட்டுப் பேசுவது. இப்படி எழுதினால் நடிகருக்கும் வேலை தெளிவு, நாளை அழைப்பைக் கேட்டு மதிப்பெண் போடும் குவாலிட்டி டீமுக்கும் அளவுகோல் தெளிவு.

கோபத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயம்

நம் உதாரணம் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையம். திங்கள்கிழமை இரவு வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் முருகேசன் என்ற பாத்திரம் பத்தாயிரம் ரூபாய் எடுக்க முயன்றார். கணக்கில் பணம் குறைந்தது. இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை. வியாழன் காலை மூன்றாம் முறையாக அழைக்கிறார். மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவரை வெறும் முன்கோபியாக எழுதினால், 'இப்படிப்பட்ட ஆட்களும் உண்டு' என்று முடிவுகட்டிப் பயிற்சியாளர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர் பக்கம் நியாயம் இருக்க வேண்டும். கோபமும் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருக்கக் கூடாது. முகவரின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ப ஏறவும் இறங்கவும் வேண்டும். அதேபோல, முகவர் ரேவதி நினைத்தாலும் செய்து தர முடியாத ஒன்றை அவர் கேட்க வேண்டும். இங்கே அது, "இன்னைக்கே பணம் வேணும்." கார்டு ஒரு வங்கியுடையது, இயந்திரம் இன்னொரு வங்கியுடையது. இயந்திரத்தை நடத்தும் வங்கி தன் பணக் கையிருப்பைச் சரிபார்த்துச் சொன்ன பிறகே தொகை திரும்பும். ரேவதியின் திரையில் அதற்குப் பொத்தான் எதுவும் இல்லை.

அழைப்பு

காணொளி எழுத்துப்படியை இரண்டு பத்திகளாக எழுதுவது வழக்கம். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. இந்த அழைப்பில் திரையையும் இரண்டாகப் பிரித்துவிடலாம்: ஒரு பாதியில் ரேவதியின் மேஜை, மறுபாதியில் வெயிலில் நிற்கும் முருகேசன். எந்த முகவரும் வேலையில் பார்க்க முடியாத காட்சி இது. ரேவதி கணினியில் பத்து வினாடி தேடும்போது அவருக்கு அது வேலை நேரம். மறுமுனையில் முருகேசன் போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்க்கிறார். 'நீண்ட மௌனத்தைத் தவிர்க்கவும்' என்று கையேடு எதற்காகச் சொல்கிறது என்பது அப்போது விளக்கமில்லாமலே புரியும்.

வணக்கமும் அடையாளச் சரிபார்ப்பும் முடிந்த இடத்திலிருந்து:

முருகேசன்: ஏம்மா, இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொல்லணுமா?

ரேவதி: உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்.

முருகேசன்: அதைத்தாம்மா போன தடவையும் சொன்னாங்க!

காட்சி இங்கே உறைகிறது. 'இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?' என்று திரையில் ஒரு கேள்வி. வகுப்பில் இருக்கும் பயிற்றுநர் காணொளியை நிறுத்திப் பதில்களைக் கேட்கலாம். ரேவதி தவறியதை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். தவறே செய்யாத முகவரைக் காட்டினால், தவறிய பிறகு எப்படி எழுவது என்பதை யாரும் கற்க முடியாது.

ரேவதி: முந்தின ரெண்டு கம்ப்ளெய்ன்ட்டும் என் முன்னாடி இருக்கு சார். திங்கக்கிழமை ராத்திரி பத்தாயிரம் ரூபா கணக்குல குறைஞ்சிருக்கு, பணம் கைக்கு வரல. நீங்க மறுபடி சொல்ல வேண்டாம்.

முருகேசன்: நாளைக்குப் பொண்ணுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்மா. என்னை நம்பலைன்னா பின் நம்பரைச் சொல்றேன், நீங்களே பாத்துக்கோங்க. நாலு...

ரேவதி: சார், வேண்டாம் சார், நம்பரைச் சொல்லாதீங்க. எங்ககிட்ட கூட அதைச் சொல்லக் கூடாது. நீங்க சொல்றதை நான் நம்பறேன். பணம் குறைஞ்சது இங்கயே பதிவாகியிருக்கு.

கையேட்டின் இரண்டு விதிகள் மோதும் இடம் இது. எழுதுகிறவர் இதைத் தானாக முடிவு செய்யக் கூடாது. குவாலிட்டி பிரிவின் தலைவரிடமும் விதிமுறைப் பிரிவிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ரேவதியின் குறுக்கீடு எப்படி அமைந்திருக்கிறது என்று கவனியுங்கள். முதலில் நிறுத்துகிறார், பிறகு காரணம் சொல்கிறார், கடைசியில் அவர் பின் நம்பர் சொல்ல வந்ததற்கே காரணமான 'நம்பவில்லை' என்ற மனக்குறையைத் தீர்க்கிறார். மூன்றாவது விடுபட்டிருந்தால், வங்கி அதட்டியதாகவே அவருக்குப் பட்டிருக்கும்.

ரேவதி: இப்ப எந்த நிலையில இருக்குன்னு பிரிவுல கேட்கறேன். ரெண்டு நிமிஷம் ஹோல்டுல இருக்க முடியுமா சார்?

முருகேசன்: ம்... பாருங்க.

ஹோல்டில் போடும் விதி மொத்தமும் அந்த இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது: காரணம், நேரம், அனுமதி. சொன்ன நேரத்துக்குள் திரும்பி வருவதையும் காட்ட வேண்டும். திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரமே போதும்.

ரேவதி: காத்திருந்ததுக்கு நன்றி சார். அந்த மிஷினோட வங்கி இன்னும் பதில் தரல. இன்னைக்கே பணம் வரும்னு என்னால சொல்ல முடியாது. விதிப்படி சனிக்கிழமைக்குள்ள கணக்குல வந்தாகணும். அதைத் தாண்டினா, தாமதமாகிற ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபா சேர்த்து உங்க கணக்குல வரணும். இதே கம்ப்ளெய்ன்ட் நம்பரை எஸ்.எம்.எஸ்.ல அனுப்பறேன்.

முருகேசன்: சனிக்கிழமையா... ஃபீஸுக்கு நான் வேற ஏற்பாடுதான் பண்ணணும். சரி, நம்பரை அனுப்புங்க.

ரேவதி சொன்ன கணக்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில் இருப்பது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். நடந்த நாள் திங்கள் என்றால் ஐந்தாம் நாள் சனி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் புகார் தராவிட்டாலும். எழுத்துப்படியில் வரும் இப்படிப்பட்ட ஒவ்வொரு எண்ணையும் விதிமுறைப் பிரிவு சரிபார்க்க வேண்டும். 'நாளைக்கு வந்துடும் சார்' என்று ஒரு நடிகர் தன்னிச்சையாகச் சேர்த்துவிட்டால், காணொளியைப் பார்த்த அத்தனை பேரும் அதே பொய் வாக்குறுதியைக் கொடுக்கக் கற்றுக்கொள்வார்கள்.

முருகேசன் நன்றி சொல்லாமல் வைத்துவிடுவதும் யோசித்து எழுதியதுதான். பயிற்சிக் காணொளிகளில் கோபக்காரர் கடைசியில் சிரித்து வாழ்த்துவது வழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்துப் பழகிய புதியவர், முதல் வாரத்தில் யாரோ இறுக்கமாக 'சரி' என்று வைத்துவிட்டால் தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார். அவர்மீது இப்படியொரு பாரத்தை ஏற்றுவது அநியாயம். இந்த அழைப்பில் முருகேசனுக்கு ஒரு தேதி கிடைத்தது, புகார் எண் கிடைத்தது, பின் நம்பர் வெளியே போகவில்லை. முகவரின் கையில் இருந்தது அவ்வளவுதான். அதை முழுமையாகச் செய்தார்.

படப்பிடிப்புக்கு முன்

எழுதி முடித்ததும் இரண்டு பேரை வெவ்வேறு அறைகளில் உட்காரவைத்து, உண்மையான தொலைபேசியில் வாசிக்கச் சொல்வது நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே ஒருவர் முடிப்பதை இன்னொருவர் தெரிந்துகொள்வார். போனில் அந்த வசதி இல்லை. எந்த வரி எழுத்துத் தமிழாக விறைத்து நிற்கிறது என்பதும் அப்போது தெரியும். 'வருந்துகிறோம்' அப்படியொரு வரி. இங்கே தவறாகக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறோம். திரையில் தெரியும் பெயர், கணக்கு எண், மொபைல் எண் எல்லாமே போலியாக இருக்க வேண்டும். நிஜ அழைப்புப் பதிவை அப்படியே பயன்படுத்தினால் வாடிக்கையாளரின் ரகசியம் வெளியேறும். சம்பவத்தின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களையும் தொகையையும் மாற்றி எழுத வேண்டும்.

ஐந்து நாள், நூறு ரூபாய் போன்றவை நாளை மாறக்கூடியவை. அவற்றைத் தனி ஷாட்டாகவும் தனி ஒலிப்பதிவாகவும் எடுத்துவைத்தால், விதி மாறும் அன்று அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். காணொளிக்காக எடுத்த முடிவுகளைக் கையேட்டிலும் எழுதிச் சேர்க்க வேண்டும். 'குறுக்கிடாதீர்கள்' என்ற வரிக்குக் கீழேயே 'ரகசிய எண்ணைச் சொல்லத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், காரணம் சொல்லுங்கள், அவரை நம்புவதாகச் சொல்லுங்கள்' என்று இடம்பெற்றால், காணொளியைப் பார்த்தவரும் கையேட்டை மட்டும் படித்தவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள்.