விலைக் கவரைப் பிரிக்கும் முன்

டெண்டர் கிடைத்தவருக்கு அன்றைக்கே ஆர்டர் போய்விடும். கிடைக்காதவருக்கு ஒரு வரி எழுதத்தான் பல அலுவலகங்களில் கை வராது. அவர் இ.எம்.டி. பணம் எப்போது வரும் என்று கேட்டுப் போன் போடுவார். எடுத்தவர், "மேலே முடிவு பண்ணிட்டாங்க" என்பார். உள்ளே ஏதோ பேசி முடித்துவிட்டார்கள் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும். டீ ஆறுவதற்குள் ஒரு கடிதத்தை எழுதியே பார்த்துவிடலாம்.

ஒரு கல்லூரிக்கு 120 டெஸ்க் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கவர் முறை. முதல் கவரில் தொழில்நுட்ப விவரம், இரண்டாவதில் விலை. கூடவே மாதிரிக்கு ஒரு டெஸ்க். கால்களுக்கான இரும்புக் குழாய் 1.6 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும் என்பது டெண்டர் ஆவணத்தின் 4-ஆம் பிரிவு. ஒருவர் கொண்டுவந்த மாதிரியில் அது 1.2 மி.மீ.தான்.

இதற்குப் பெரும்பாலும் எழுதப்படும் பதில், "தங்கள் பொருளின் தரம் திருப்திகரமாக இல்லை." இருபது வருடமாக டெஸ்க் செய்கிறவரிடம் இதைச் சொன்னால் சண்டைக்குத்தான் வருவார். அவர் பட்டறையில் போய்ச் சரிபார்க்கும்படி இந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதலாம்: "4-ஆம் பிரிவின்படி கால் குழாயின் தடிமன் 1.6 மி.மீ. இருக்க வேண்டும். தங்கள் மாதிரியில் 12-ஆம் தேதி, தங்கள் பிரதிநிதி முன்னிலையில், மூன்று கால்களில் அளந்தபோது 1.2 மி.மீ. இருந்தது. எனவே தொழில்நுட்ப மதிப்பீட்டில் தங்கள் டெண்டர் தகுதி பெறவில்லை. விலைக் கவர் பிரிக்கப்படாமல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."

கேட்டது என்ன, இருந்தது என்ன, எப்போது யார் முன்னால் அளந்தோம் என்பதோடு கடிதம் நின்றுவிடுகிறது. அளப்பதிலும் கவனம் வேண்டும். பெயின்ட்டுக்கு மேலே வைத்து அளந்தால் பூச்சின் கனமும் சேர்ந்துவிடும். காலடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வெட்டுமுனையில் பூச்சைச் சுரண்டிவிட்டு வெர்னியரை வைக்க வேண்டும்.

இதோடு "பாலிஷும் சுமார்தான்" என்று சேர்க்கத் தோன்றும். ஆவணத்தில் பாலிஷ் பற்றி நிபந்தனை இல்லையென்றால் தொடாதீர்கள். முடிவை எடுத்த காரணம் எதுவோ, மதிப்பீட்டுத் தாளில் பதிவானது எதுவோ, அது மட்டும் போதும். அரசு அலுவலகமென்றால் இது இன்னும் முக்கியம். சட்டப்படி பிறப்பித்த ஓர் உத்தரவு, அதில் சொன்ன காரணங்களை வைத்தே நிற்க வேண்டும், பிறகு புதுக் காரணம் சேர்த்து அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது.

விலையில் தோற்றவருக்கு வேறு கணக்கு. "என் ரேட்தானே குறைவு?" என்பார். அவர் 4,150 ரூபாய் என்று போட்டு, வரியும் வண்டி வாடகையும் தனி என்று கீழே எழுதியிருப்பார். எல்லாம் சேர்த்தால் 4,987. ஆர்டர் பெற்றவர் எல்லாம் உட்பட 4,900. கடிதத்தில் இந்தக் கூட்டலைக் காட்டிவிட்டால் போதும். வென்றவர் எந்தக் குழாயை எங்கே வாங்குகிறார் என்பதெல்லாம் இவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கதவைத் திறந்து வைப்பது என்றால் "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்பதல்ல. அதை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். போட்டியாளர் காதுக்குப் போனால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். இ.எம்.டி. எந்தத் தேதிக்குள் வரும், அடுத்த டெண்டர் அறிவிப்பு எங்கே வெளிவரும், தடிமனுக்கான ஆலைச் சான்றிதழை மாதிரியோடு இணைக்கலாம் என்ற மூன்று வரி போதும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நிதி விதிகள், தொழில்நுட்பக் கட்டத்திலேயே தகுதி பெறாதவரின் வைப்புத்தொகையை அந்த முடிவு அறிவித்த 30 நாளுக்குள் திருப்பச் சொல்கின்றன. தனியாரும் அதைப் பின்பற்றலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

கடிதம் கிடைத்ததும் அவர் போன் செய்து, "1.6-லேயே செஞ்சு தர்றேன், ரேட்டையும் குறைச்சுக்கலாம் சார்" என்பார். பேசாதீர்கள். கவர் கொடுத்த மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லையே. ஆனால், "நீங்கள் அளந்தது தப்பு" என்று எழுத்தில் கொடுத்தால் அது வேறு விஷயம். அதற்கு ஒரு கெடு வையுங்கள், உதாரணமாக ஏழு நாள். மாதிரி டெஸ்க்கை அதுவரை கோடவுனிலேயே வைத்திருந்து, அவர் கேட்டால் அவரையும் வைத்துக்கொண்டு மறுபடி அளக்க வேண்டும். உங்கள் வெர்னியர்தான் பிசகு என்று தெரிந்தால் அவரது விலைக் கவரையும் வாங்கி மற்றவற்றோடு சேர்த்துப் பிரிக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம் மற்ற விலைக் கவர்களைப் பிரிப்பதற்கு முன்பே போக வேண்டும். எல்லார் விலையும் வெளியே தெரிந்த பிறகு அவரை உள்ளே சேர்க்க வழியில்லை.