தூதரக வாசலுக்குள் ஐந்து ஆண்டுகள்

1949 ஜனவரி 3. பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் உள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் விக்டர் ரவுல் ஆயா டெ லா டோரே தஞ்சம் புகுந்தார். ஆப்ரா கட்சியின் தலைவர் அவர். மூன்று மாதங்களுக்கு முன், அக்டோபர் 3ஆம் தேதி, நாட்டில் ஒரு ராணுவக் கலகம் மூண்டு அன்றே அடக்கப்பட்டது. மறுநாளே அவருடைய கட்சி தடைசெய்யப்பட்டது. அக்டோபர் இறுதியில் ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. விசாரணைக்கு நேரில் வரவேண்டும் என்று நவம்பரில் அரசிதழில் மூன்று நாட்கள் அவருக்கு அழைப்பாணை வெளியிட்டார்கள். அவர் தலைமறைவாகவே இருந்தார்.

மறுநாள் கொலம்பியத் தூதர் பெரு அரசுக்குக் கடிதம் எழுதினார். ‘இவருக்குப் புகலிடம் கொடுத்துவிட்டோம், பத்திரமாக நாட்டைவிட்டு வெளியேற அனுமதி தாருங்கள்’ என்பது அதன் சாரம். பெரு மறுத்தது. தூதரகத்துக்குள் நுழைந்து அவரைப் பிடிக்க பெருவால் முடியாது. வாசலைத் தாண்டி அவரை அழைத்துச்செல்ல கொலம்பியாவாலும் முடியாது. பேச்சுவார்த்தையில் தீராத வழக்கு ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

புகலிடத்தில் இரண்டு வகை உண்டு. எல்லையைக் கடந்து இன்னொரு நாட்டு மண்ணில் கால் வைத்தவருக்கு அந்த நாடு தருவது மண்சார்ந்த புகலிடம். 1959இல் தலாய் லாமாவுக்கு இந்தியா தந்தது இதுதான். தன் மண்ணில் யாரை அனுமதிப்பது என்பது அந்தந்த நாட்டின் இறையாண்மைக்குள் வருவதால், இதில் சட்டச் சிக்கல் குறைவு. தூதரகப் புகலிடம் அப்படியல்ல. தூதரகம் அந்நிய மண் என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. அது உள்ளூர் மண்தான், அனுமதியின்றி அதிகாரிகள் நுழையக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டுமே அதற்கு உண்டு. ஆகவே அங்கே ஒருவரை வைத்துக் காப்பது, குற்றத்தை விசாரிக்கும் உள்ளூர் அரசின் அதிகாரத்தில் நேரடியாகக் கைவைப்பதாகிறது. ஒப்பந்தமோ வழக்காறோ இருந்தால்தான் அது செல்லும் என்றது நீதிமன்றம்.

1950 நவம்பர் 20ஆம் தேதித் தீர்ப்பின் மையக் கேள்வி இது: ஒருவர் மீதான குற்றம் அரசியல் குற்றமா, சாதாரணக் குற்றமா என்று முடிவுசெய்வது யார்? ‘புகலிடம் தரும் நாடுதான், அந்த முடிவு எதிர்த்தரப்பையும் கட்டுப்படுத்தும்’ என்றது கொலம்பியா. லத்தீன் அமெரிக்காவில் இது நெடுநாள் வழக்கம் என்றும் வாதிட்டது. நீதிமன்றம் பழைய நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தது. ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அவ்வப்போதைய அரசியல் வசதியே பலவற்றைத் தீர்மானித்திருந்தது. ஒரு சீரான வழக்காறு நிறுவப்படவில்லை என்று கொலம்பியாவின் வாதத்தை நிராகரித்தது.

அவர் மீது இருந்தது சாதாரணக் குற்றம் என்று பெருவாலும் நிரூபிக்க முடியவில்லை. ராணுவக் கலகம் மட்டுமே அப்படி ஆகிவிடாது. ஆனால் 1928ஆம் ஆண்டின் ஹவானா ஒப்பந்தம் அவசர நிலையில் மட்டுமே புகலிடத்துக்கு இடம் தருகிறது. கலகம் நடந்து மூன்று மாதங்கள் கழித்து அந்த அவசரம் எங்கே என்று கேட்ட நீதிமன்றம், புகலிடம் முறைப்படி தரப்படவில்லை என்றது. சட்டப்படி நடக்கும் வழக்கிலிருந்து தப்பிக்கப் புகலிடம் கருவியாகக் கூடாது என்பது அதன் நிலை.

அப்படியானால் அவரை ஒப்படைக்க வேண்டுமா? 1951 ஜூனில் வந்த அடுத்த தீர்ப்பு, ஒப்படைக்கும் கடமை கொலம்பியாவுக்கு இல்லை, ஆனால் புகலிடம் முடிவுக்கு வரவேண்டும் என்றது. எப்படி என்று சொல்ல மறுத்துவிட்டது. அறைக்குள் இருந்த மனிதருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு வாசலைக்கூடத் திறக்கவில்லை.

இத்தனை வாதத்திலும் அவருடைய உரிமை என்று ஒன்று பேசப்படவில்லை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. அவர் தூதரகத்துக்குள் நுழைவதற்கு 24 நாட்கள் முன்புதான், 1948 டிசம்பர் 10ஆம் தேதி, ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றிருந்தது. அதன் 14ஆம் பிரிவு புகலிடம் ‘தேடவும் துய்க்கவும்’ உரிமை தருகிறது. வரைவில் ‘பெறவும்’ என்ற பொருளில் சொல் இருந்தது. பிரிட்டன் கொண்டுவந்த திருத்தத்தால் அது போயிற்று. கதவைத் தட்டலாம், திறந்தால் உள்ளே நிம்மதியாக இருக்கலாம். திறந்தே ஆகவேண்டும் என்று கேட்க முடியாது. இதற்கென ஓர் உடன்படிக்கை செய்ய 1977இல் ஜெனீவாவில் கூடிய மாநாடும் உடன்பாடின்றிக் கலைந்தது. எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு காலம் தங்குவார்கள் என்று தெரியாத கடமையில் கையெழுத்திட அரசுகள் தயங்குகின்றன.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இன்னொரு வகையில் கைகொடுக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிறது அதன் 33ஆம் பிரிவு. வைத்துக்கொள் என்று அது சொல்லவில்லை. ஆபத்தில்லாத வேறொரு நாட்டுக்கு அனுப்பினால் மீறல் ஆகாது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் இங்கே தங்கியிருப்பதும் அரசு எடுத்த முடிவுகளைச் சார்ந்தே இருக்கிறது.

1954 மார்ச்சில் லத்தீன் அமெரிக்க நாடுகள் கராகஸில் புதிய ஒப்பந்தம் செய்தன. குற்றத்தின் தன்மையை முடிவுசெய்வது புகலிடம் தரும் நாடே என்று இம்முறை எழுதியே வைத்தார்கள். அடுத்த மாதம், இரு அரசுகளும் பேசி முடித்தபின், ஆயா டெ லா டோரே வெளியே வந்து மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். உள்ளே நுழைந்து ஐந்து ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகியிருந்தன.